கார்ட்டூன் சேனலுக்கு தம்ப்நெயில்: வீடியோல இருந்து ஃப்ரேம் எடுத்து ஒட்டினா ஏன் எடுபடாது

அனிமேஷன் சேனல் வச்சிருக்கவங்க எங்ககிட்ட தம்ப்நெயில் வேலைக்கு வரும்போது முக்கால்வாசி பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பாங்க, "வீடியோலயே அழகழகா ஃப்ரேம் இருக்கு, அதுல ஒண்ண எடுத்து மேல பேர் போட்டுக் குடுங்க போதும்"னு. கேக்க நியாயமாதான் இருக்கும், ஏற்கனவே கஷ்டப்பட்டு வரைஞ்சாச்சு, திரும்ப எதுக்கு வரையணும்னு யாருக்கும் தோணும்தானே. ஆனா ஓடுற படத்துக்குன்னு வரைஞ்ச ஃப்ரேம் வேற, நின்ன இடத்துல ஒரு நொடில கண்ண இழுக்கிற படம் வேற. இத ஒரு உதாரணம் வச்சே சொல்லிடறேன்.

சின்னக் குழந்தைங்களுக்கு கதை போடற 2டி சேனல் ஒண்ணு. கொஞ்சம் மங்கலான கலர், மெல்லிசு அவுட்லைன், அமைதியான பாணி. அதுல ஒரு கதை, ஒரு குட்டி மின்மினிப்பூச்சிக்கு இருட்டுன்னாலே பயம். ஐடியாவே சூப்பர்ல, உடம்புலயே லைட்ட வச்சுக்கிட்டு இருட்டப் பாத்து பயப்படுது. ஆனா அவங்க தம்ப்நெயிலா வச்சிருந்தது ராத்திரி காட்ட தூரத்துல இருந்து காட்டற ஷாட், நடுவுல புள்ளி மாதிரி மின்மினி. வீடியோல அந்த ஷாட் அட்டகாசமா இருக்கும், மியூசிக் இருக்கு, மரம் அசையுது, வெளிச்சம் மினுக்குது. தம்ப்நெயில்ல இதுல ஒண்ணுமே கிடையாது, போன்ல பாத்தா கருநீலமா ஒரு கட்டம், அவ்ளோதான். டார்க் மோட்ல பாக்கறவங்களுக்கு அந்தக் கட்டம் எங்க முடியுதுன்னே தெரியாது.

அவுட்லைன் விஷயத்த யாரும் கணக்குப் போட்டுப் பாக்கறதே இல்ல. வீடியோ 1920 பிக்சல் அகலம், கேரக்டர் கோடு 4 பிக்சல். பக்கத்துல வர்ற சஜஷன் லிஸ்ட்ல தம்ப்நெயில் ஏறக்குறைய 170 பிக்சல் அகலத்துக்கு சுருங்கினா அந்தக் கோடு அரை பிக்சல் கூட இருக்காது, கோடு போயிடுச்சுன்னா மூஞ்சி எங்க முடியுது பேக்ரவுண்ட் எங்க ஆரம்பிக்குதுன்னே புரியாது. அதனால 1280 x 720 தம்ப்நெயில்ல கேரக்டரோட வெளிக்கோட்ட 8ல இருந்து 10 பிக்சல் வரைக்கும் தடிமனாக்கணும், பெரிய சைஸ்ல பாக்கறப்ப கொஞ்சம் முரட்டுத்தனமா தெரியும், பரவால்ல.

இன்னொரு தொல்லை, வீடியோவ நடுவுல நிறுத்தி எடுத்தா பாதிநேரம் ரெண்டு போஸுக்கு நடுவுல மாட்டும், கண்ணு பாதி மூடியிருக்கும், கை நீண்டு இழுத்து விட்ட மாதிரி இருக்கும். ஓடறப்ப அந்த இழுவைதான் அசைவுக்கு உயிரே, நிறுத்திப் பாத்தா கோரமா இருக்கும். யூடியூப் தானா எடுத்துக் குடுக்கற படங்கள்லயும் இது அடிக்கடி மாட்டும்.

இந்த சேனல்காரங்க முதல்ல பண்ண வைத்தியம் என்னன்னா, வேற யார்கிட்டயோ குடுத்து பளபளன்னு 3டி பொம்மை மூஞ்சி, வாயப் பொளந்து, சிவப்பு அம்புக்குறி எல்லாம் போட்டு மாத்திட்டாங்க. கிளிக் ஏறுச்சு, அத மறுக்கல. ஆனா பாக்கறவங்க எவ்ளோ நேரம் நிக்கறாங்கன்னு காட்டற ரிட்டென்ஷன் கிராஃப தொறந்து பாத்தா முதல் 30 செகண்டுக்குள்ள கோடு தடால்னு கீழ விழுது. பின்ன என்ன, குழந்தை அந்த பளபள பொம்மையப் பாத்து கிளிக் பண்ணுது, உள்ள வந்தா தட்டையா மெதுவா வேற ஒரு கார்ட்டூன் ஓடுது, அடுத்ததுக்குப் போயிடுது. என்னக் கேட்டா மோசமான தம்ப்நெயில விட இது ஆபத்து, ஏன்னா கிளிக் நம்பர மட்டும் பாக்கறவங்களுக்கு எல்லாம் நல்லாப் போற மாதிரியே தெரியும்.

சரி, நாங்க என்ன பண்ணோம். வீடியோல இருக்கற அதே கேரக்டர் ரிக்க, அதாவது கை, கண்ணுன்னு தனித்தனியா அசைக்கற மாதிரி செஞ்சு வச்ச பொம்மைய, எடுத்து தம்ப்நெயிலுக்குன்னே புதுசா ஒரு போஸ் வச்சோம். மின்மினியோட மூஞ்சி இடது பக்கம், கிட்டத்தட்ட பாதி ஃப்ரேம். கண்ண மட்டும் வழக்கத்த விட கொஞ்சம் பெருசாக்கி, கருவிழிய வலது பக்கம் திருப்பி விட்டோம், அந்தப் பக்கம் இருட்டுல ரெண்டே ரெண்டு மஞ்சக் கண்ணு. மரம், செடி, நிலா எல்லாம் தூக்கியாச்சு. கலர் அதே சேனல் கலர்தான், புதுசா எதுவும் சேக்கல, மின்மினியோட வெளிச்சத்த மட்டும் அதோட ஓரத்துல ஒரு கோடா விட்டு பேக்ரவுண்டுல இருந்து பிரிச்சோம். அப்புறம் படத்த கருப்பு வெள்ளையாக்கிப் பாத்தோம், அப்பவும் மூஞ்சி தனியாத் தெரிஞ்சாதான் ஓகே, கலர நம்பி மட்டும் பிரிஞ்சு நிக்கற படம் சின்ன சைஸ்ல ஏமாத்திடும். வலது கீழ் மூலையில முக்கியமான எதையும் வைக்கல, வீடியோ நேரம் அங்கதான் வந்து உக்காரும், அந்த மஞ்சக் கண்ணு அதுக்குப் பின்னாடி போயிருந்தா கதையே போச்சு.

எழுத்து போடவே இல்ல. அவங்களுக்கு அதுல சண்டை, "பேர் இல்லாம எப்படிங்க"ன்னு. நாலு வயசுக் குழந்தைக்குப் படிக்கத் தெரியாது, படிக்கத் தெரிஞ்ச அம்மா அப்பாவுக்குக் கீழயே டைட்டில் இருக்கு. இந்த மாதிரி சேனல்ல ஆடியன்ஸே ரெண்டு, படம் குழந்தைக்கு, டைட்டில் பெரியவங்களுக்கு. பெரியவங்களுக்கான விளக்க அனிமேஷன் சேனல்னா ரெண்டு மூணு வார்த்தை போடலாம், அப்பவும் டைட்டில்ல இருக்கறதையே திரும்ப எழுதாதீங்க.

பழைய டைட்டில் இப்படி இருந்துச்சு: "எபிசோட் 14 | குழந்தைகளுக்கான தமிழ் நீதிக்கதைகள் | தமிழ் கார்ட்டூன் | குட்டி மின்மினி". போன்ல இது பாதிலயே வெட்டுப்படும், மின்மினிங்கற வார்த்தை கண்ணுலயே படாது. எபிசோட் 14ன்னு ஆரம்பிச்சா புதுசா வர்றவங்க முன்னாடி 13 பாக்கணுமோன்னு நெனச்சுப்பாங்க, ஆனா இங்க ஒவ்வொரு கதையும் தனித்தனி. யூடியூப் டைட்டிலுக்கு 100 கேரக்டர்தான் லிமிட், தமிழ்ல 'மி'ன்னு ஒரு எழுத்து அடிச்சா 'ம' ஒண்ணு கொக்கி ஒண்ணுன்னு ரெண்டாக் கணக்காகும், அதனால நாம நெனைக்கறத விட சீக்கிரமே தீந்துடும். புதுசு: "மின்மினிக்கு இருட்டுன்னா பயமா? | தூங்கப்போற நேரத்துக்கு ஒரு குட்டிக் கதை". முதல் பாதி கதை, ரெண்டாம் பாதி இத எப்ப போட்டு விடலாம்னு பெத்தவங்களுக்கு ஒரு தகவல். எபிசோட் நம்பர பிளேலிஸ்டுக்கு அனுப்பியாச்சு.

இதுல ஒரு சிக்கல், மேட் ஃபார் கிட்ஸ்னு குறிச்ச வீடியோவுக்கு யூடியூபோட தம்ப்நெயில் டெஸ்ட் வசதி கிடைக்காது. மத்த வீடியோன்னா மூணு படம் வரைக்கும் போட்டு விடலாம், அதுவும் கிளிக்க வச்சு இல்ல, பாத்த நேரத்த வச்சுத்தான் ஜெயிச்சத சொல்லும். கிட்ஸ் சேனல்காரங்க கையாலதான் மாத்திப் பாக்கணும். தம்ப்நெயிலையும் டைட்டிலையும் ஒரே நாள்ல மாத்திட்டா எது வேலை செஞ்சதுன்னு தெரியாது, அதனால முதல்ல படம், ஒரு ரெண்டு வாரம் கழிச்சு டைட்டில். கிளிக் சதவீதத்த தனியாப் பாக்காதீங்க, இம்ப்ரெஷன், அதாவது தம்ப்நெயில எத்தன தடவ காட்டுச்சுங்கற எண்ணிக்கை, ஏறும்போது அது கொஞ்சம் இறங்கறது சகஜம், புது ஆளுங்களுக்குக் காட்ட ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். கிளிக் ஏறியும் முதல் 30 செகண்ட் கிராஃப் முன்ன விட மோசமானா படம் வேற எதையோ சொல்லிக் கூப்பிடுதுன்னு எடுத்துக்கோங்க.

பழைய வீடியோ எல்லாத்துக்கும் ஒரே வீச்சுல மாத்த வேண்டாம். இம்ப்ரெஷன் நிறைய இருந்தும் கிளிக் கம்மியா, ஆனா உள்ள வந்தவங்க கடைசி வரைக்கும் பாக்கற வீடியோ நாலஞ்சு இருக்கும், அதுல இருந்து ஆரம்பிங்க.