நாளை ஆடி 18 என்று ஆடி 18 அன்று போட்ட கதை

தருமபுரியில் நான்கு பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது. லாட்ஜ், பள்ளி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கும் மாங்கூழ் ஆலை என்று பலருடைய பேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களையும் இணையதளங்களையும் பார்த்துக்கொள்கிறோம். தினமும் உட்கார்ந்து போடுவதில்லை. இரண்டு வாரத்துக்கான பதிவுகளை மொத்தமாகத் தயாரித்து, எது எப்போது போக வேண்டும் என்று வரிசையில் ஏற்றிவிடுவோம். அப்புறம் அது பாட்டுக்கு ஓடும்.

எல்லா நாளும் ஒரே மாதிரி இருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் ஒகேனக்கல் பக்கம் லாட்ஜ் நடத்துபவருக்கு ஆடி மாதம் அப்படி இருக்காது. கர்நாடகத்தில் மழை வலுத்து கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்தால், எல்லையில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் அளவு ஏறும். மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும், அருவியில் குளிப்பதற்கும் தடை போடும். பெங்களூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பத்தோடு காரில் கிளம்பியவர்களுக்கு அந்தச் செய்தி அந்த நேரத்திலேயே போய்ச் சேர வேண்டும். வரிசையில் இருக்கும் மீன் வறுவல் படம் காத்திருக்கலாம், தடை அறிவிப்பு காத்திருக்க முடியாது.

சில வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு லாட்ஜுக்கு நான் செய்த தவறைச் சொல்கிறேன். அப்போது நாங்கள் பயன்படுத்திய கருவியில் பதிவுக்கு என்று தனி நேரம் கிடையாது. காலை 7, மதியம் 1, இரவு 7 என்று மூன்று இடங்களை வைத்துவிட்டு, பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்க வேண்டும். முதலில் நிற்பது அடுத்த இடத்தில் போகும், இரண்டாவது அதற்கு அடுத்ததில். ரேஷன் கடை வரிசை மாதிரிதான். நேரம் ஆளுக்குச் சொந்தமில்லை, அவர் நிற்கும் இடத்துக்குச் சொந்தம். நடுவில் ஒருவர் நுழைந்தால் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு அடி நகர வேண்டியதுதான்.

ஆடி 14, காலை 11 மணிக்கு லாட்ஜ்காரர் கூப்பிட்டார். பரிசலுக்குத் தடை. அறிவிப்பைத் தயார் செய்து ‘வரிசையின் முதலில்’ என்ற பொத்தானை அழுத்தினேன். அது போனது மதியம் 1 மணிக்கு. முதல் தவறு அதுவே. வரிசையில் முதலாவது என்றால் உடனே என்று அர்த்தமில்லை, அடுத்த இடம் வரும்போதுதான். இரண்டு மணி நேரம் வீண். 1 மணிக்குப் போக வேண்டிய ‘மதிய மீன் சாப்பாடு தயார்’ பதிவு இரவு 7-க்கு நகர்ந்தது. மாலை குளிக்கவும் தடை வந்தது. அந்த அறிவிப்பையும் முதலில் ஏற்றினேன், அது இரவு 7-க்குப் போனது. மீன் சாப்பாடு மறுபடி நகர்ந்து மறுநாள் காலை 7 மணிக்கு வெளியானது. ‘காலையிலேயே மீன் குழம்பா?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். அங்கேயே கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

ஆடி 15 காலை, தொங்கு பாலம் பக்கமும் போகக் கூடாது என்று மூன்றாவது அறிவிப்பு. அதையும் அதே போல ஏற்றினேன், மதியம் 1 மணிக்குப் போனது. ஒரு நாளைக்கு மூன்று இடம், நான் நுழைத்தது மூன்று அறிவிப்பு. ஆகவே அதன் பின்னால் நின்ற எல்லாப் பதிவும் சரியாக 24 மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. காலைப் பதிவு காலையில்தான் வந்தது, இரவுப் பதிவு இரவில்தான் வந்தது. ஒன்று இரண்டு இடம் நகர்ந்திருந்தால் காலை வணக்கம் மதியம் வந்து காட்டிக்கொடுத்திருக்கும். மூன்று நகர்ந்ததால் பக்கத்தைத் திறந்து பார்த்த யாருக்கும் எந்தக் கோளாறும் தெரியவில்லை.

ஆடி 17 காலை 7-க்கு என்று வைத்திருந்த ‘நாளை ஆடிப்பெருக்கு’ பதிவு, ஆடி 18 காலை 7-க்கு வெளியானது. எட்டு மணிக்கு போன்.

“தம்பி, இன்னைக்குத்தானே பதினெட்டு? நாளைக்குன்னு போட்டிருக்கீங்களே!”

“இதோ பார்க்கிறேண்ணா” என்று சொல்லிவிட்டுத் திறந்தால், ‘இன்று ஆடி 18 சிறப்பு விருந்து’ மறுநாள் மதியத்துக்கு என்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து பதிவுகளை இரண்டாகப் பிரித்துவிட்டோம். ‘இன்று’, ‘நாளை’, கிழமை, பண்டிகை, கடைசித் தேதி என்று ஏதாவது ஒன்று எழுத்திலோ படத்திலோ இருந்தால் அது தேதி கட்டிய பதிவு. அதற்கு நாளும் மணியும் தனியாகக் குறித்தே ஏற்றுவோம், நகரும் வரிசையில் விடமாட்டோம். அறை படம், சாப்பாட்டுப் படம், சுற்றிப் பார்க்கும் இடங்கள் போன்றவை மட்டும்தான் நகரும் வரிசையில். அவசர அறிவிப்பு இரண்டிலும் சேராது. அதை ‘இப்போதே வெளியிடு’ என்று வரிசைக்கு வெளியே அனுப்பிவிட வேண்டும்.

புதிதாக ஒரு கருவி வாங்குவதற்கு முன் நான் செய்யும் சோதனை பத்து நிமிடம் எடுக்கும். ஒரு சோதனைப் பக்கத்தில் ஐந்து பதிவுகளை ஏற்றி, கடைசிப் பதிவின் நேரத்தைக் குறித்துக்கொள்கிறேன். பிறகு ஒரு அவசரப் பதிவை நுழைத்து, கடைசிப் பதிவின் நேரம் மாறியதா என்று பார்க்கிறேன். அதோடு நிறுத்துவதில்லை. நடுவில் ஒன்றை அழித்தும் பார்க்கிறேன். ஏனென்றால் நுழைத்தால் பின்னுக்குத் தள்ளும் கருவி, எடுத்தால் முன்னுக்கு இழுக்கவும் செய்யும்.

இந்த முன்னுக்கு இழுப்பது நிறையப் பேர் கவனிக்காத விஷயம். தடை அறிவிப்பு போன அதே நாள் இரவு 7 மணிக்கு ‘பரிசல் சவாரியோடு வார இறுதி பேக்கேஜ்’ என்ற விளம்பரம் வரிசையில் இருக்கிறது என்று வையுங்கள். அதை அப்படியே விட்டால் படிப்பவர் நம்மைப் பைத்தியம் என்பார். மற்ற பதிவுகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காக அவற்றைப் பார்க்காமலே இருந்துவிட முடியாது. அறிவிப்போடு முட்டிக்கொள்ளும் அந்த ஒன்றை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் நகரும் வரிசையில் அதை அழித்தால் பின்னால் உள்ள எல்லாம் ஓர் இடம் முன்னால் வரும். அன்று போல தேதி கட்டிய பதிவும் அதில் இருந்தால், ஆடி 17 காலைக்கு வைத்த ‘நாளை ஆடிப்பெருக்கு’, ஆடி 16 இரவே போய்விடும். மறுபடியும் பொய். அதனால் அழிக்காமல், அதே இடத்தில் வேறொரு பதிவை மாற்றி வைக்கிறோம். இதற்கென்றே ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நாலைந்து தேதியில்லாத படங்கள் கையிருப்பில் இருக்கும்.

பிறகு நாங்களே சின்னதாக ஒரு நிரல் எழுதிக்கொண்டோம். அதில் ஒவ்வொரு பதிவுக்கும் `publish_at` என்று சொந்த நேரம் உண்டு. அவசரம் என்பது தனிக் குறி. நேரம் வந்த பதிவுகளில் எதை முதலில் எடுப்பது என்பதை மட்டும் அந்தக் குறி முடிவு செய்யும், வேறு எந்தப் பதிவின் நேரத்தையும் அது தொடாது.

```sql
SELECT id FROM posts
WHERE status = 'queued'
  AND publish_at <= now()
ORDER BY urgent DESC, publish_at
LIMIT 1
FOR UPDATE SKIP LOCKED;
```

அவசரப் பதிவுக்கு `publish_at` என்பது பொத்தானை அழுத்திய நேரமே. கடைசி வரி, ஒரே பதிவை இரண்டு வேலையாட்கள் எடுத்து இரண்டு முறை போட்டுவிடாமல் காக்கும். வேலையாள் என்று நான் சொல்வது பின்னணியில் ஓடும் நிரலை.

இதுவும் முதல் மழையிலேயே எங்களைச் சோதித்தது. அவசரப் பதிவு வரிசையில் முதலில் நிற்கிறது, ஆனால் போகவில்லை. பார்த்தால், இருக்கும் ஒரே வேலையாள் மாங்கூழ் ஆலையின் பெரிய வீடியோ ஒன்றை ஏற்றிக்கொண்டிருக்கிறது. முடிய 12 நிமிடம் ஆனது. எடுத்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வா என்று அந்த வரிசை யாருக்கும் சொல்லாது. அடுத்ததாக எது என்றுதான் சொல்லும். பாதியில் நிறுத்தினால் வீடியோ அரைகுறையாகக் கிடக்கும், அதுவும் வேண்டாம். அவசரக் குறி உள்ளதை மட்டும் எடுக்கும் இரண்டாவது வேலையாளை வைத்ததோடு சரியானது. வருஷத்தில் பெரும்பாலான நாள் அது சும்மாதான் இருக்கும். இருக்கட்டும்.

இன்னொன்று, இடைவெளி விதி. ஒரே பக்கத்தில் இரண்டு பதிவுக்கு நடுவில் குறைந்தது 30 நிமிடம் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். அவசர அறிவிப்பு 12:50-க்குப் போனால், கடைசியாகப் போனது 12:50 என்று கணக்கிட்டு, 1 மணிப் பதிவை நிரல் 1:20-க்குத் தள்ளிவிட்டது. 1:30-க்கு இருந்தது 1:50-க்குப் போனது. முன்வாசலை அடைத்த பிறகு கொல்லைப்புறம் வழியாக அதே நோய். இப்போது இடைவெளியைக் கணக்கிடும்போது அவசரப் பதிவுகளைச் சேர்ப்பதில்லை. 12:50-க்கு அறிவிப்பும் 1 மணிக்கு மீன் வறுவலும் அடுத்தடுத்து வருவது பார்க்கக் கொஞ்சம் அழகில்லைதான். அழகுக்காக நேரத்தை நகர்த்த ஆரம்பித்தால் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம்.

ஆனால் அந்த மீன் வறுவல் அறிவிப்பைக் கீழே தள்ளிவிடுமே என்பது நியாயமான கேள்வி. வேர்ட்பிரஸ் தளத்தில் ஒருமுறை எங்கள் அலுவலகப் பெண் ஒருவர், அறிவிப்பு மேலேயே இருக்கட்டும் என்று அதன் தேதியை மறுநாளாக மாற்றிவிட்டார். எதிர்காலத் தேதி கொடுத்தால் வேர்ட்பிரஸ் அதை வெளியிடாது, திட்டமிட்ட பதிவாக எடுத்து வைத்துக்கொள்ளும். அறிவிப்பு தளத்திலேயே இல்லாமல் போனது. தேதியில் கை வைக்காமல், பதிவை மேலே ஒட்டிவைக்கும் ஸ்டிக்கி வசதியைப் பயன்படுத்த வேண்டும். பேஸ்புக் பக்கத்தில் பின் செய்யலாம்.

ஒட்டினால் உரிக்கவும் வேண்டும். தண்ணீர் குறைந்து தடை நீங்கிய பிறகும் எங்கள் அறிவிப்பு நான்கு நாள் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பரிசல் ஓடுகிறது, பக்கத்தில் தடை என்று இருக்கிறது. அந்த நான்கு நாளும் லாட்ஜ் வரவேற்பறையில் போன் ஓயவில்லை. இப்போது அவசரக் குறி போட்டால், எப்போது மறுபடி பார்க்க வேண்டும் என்ற நேரத்தையும் நிரப்பாமல் நிரல் விடாது. அந்த நேரம் வந்ததும் அது தானாக எதையும் எடுத்துவிடாது. தண்ணீர் குறைந்ததா என்று நிரலுக்குத் தெரியாதே. எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வரி அனுப்பும், யாராவது ஒருவர் லாட்ஜுக்குப் போன் போட்டு, “அண்ணா, பரிசல் விட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டு பிறகு எடுப்போம்.