மெல்லிய லென்ஸ் போட்டும் கண் ஏன் சின்னதாகத் தெரிகிறது?

போன மாதம் ஒரு கல்லூரி மாணவி அம்மாவோடு வந்தார். இரண்டு கண்ணிலும் மைனஸ் 8. ஒரு கடையில் 1.74 இண்டெக்ஸ் லென்ஸ் வாங்கிப் போட்டிருந்தார். இண்டெக்ஸ் என்பது லென்ஸின் பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று சொல்லும் எண். "இருக்கிறதிலேயே மெல்லிசு இதுதான்னு சொன்னாங்க சார். ஆனா ஓரம் தடியாத்தான் இருக்கு, கண்ணும் சின்னதாத்தான் தெரியுது" என்றார் அம்மா.

அம்மா சொன்னதில் இரண்டு புகார்கள் இருந்தன. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. கடைகளில் இரண்டுக்கும் ஒரே பதிலாக "இண்டெக்ஸ் கூட்டிப் போடுங்க" என்கிறார்கள். இண்டெக்ஸ் கூடினால் ஓரத் தடிமன் குறையும். மைனஸ் லென்ஸில் கண் சின்னதாகத் தெரிவது அதனால் மாறாது. அதைத் தீர்மானிப்பவை பவரும், கண்ணிலிருந்து லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது என்பதும்தான்.

முதலில் தடிமன். மாணவியின் பிரேம் காதுக்கம்பியின் உள்பக்கம் 54□18 என்று இருந்தது. ஒரு லென்ஸின் அகலம் 54 மி.மீ., மூக்குப் பாலம் 18 மி.மீ. என்று பொருள். இரண்டையும் கூட்டினால் 72. அவருடைய கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரமோ 62தான். ஆக, ஒவ்வொரு கண்மணியும் லென்ஸின் நடுவிலிருந்து 5 மி.மீ. மூக்குப் பக்கம் தள்ளி இருக்கிறது. லென்ஸின் பவர் மையத்தைக் கண்மணிக்கு நேராக வைத்தே ஆக வேண்டும். அப்போது அந்த மையத்திலிருந்து காதுப்பக்க ஓரம் வரை 27-க்குப் பதிலாக 32 மி.மீ. ஆகிவிடுகிறது. மைனஸ் லென்ஸ் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக, தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி தடிக்கும். 1.74 போட்டும் அந்த ஓரம் சுமார் 6.6 மி.மீ. வந்தது இதனால்தான்.

இதே பவருக்கு 46□18 பிரேம் எடுத்தால் கூட்டுத்தொகை 64. தள்ளல் 1 மி.மீ. மட்டும், ஓரம் வரை 24 மி.மீ. கணக்குப் போட்டால், விலை குறைந்த சாதாரண 1.5 லென்ஸே அதில் ஏறத்தாழ 6.6 மி.மீ.தான் வரும். பல மடங்கு பணம் கொடுத்து வாங்கிய மெல்லிசை அந்தப் பெரிய பிரேம் தின்றுவிட்டது. சின்ன பிரேமில் 1.67 போட்டால் 4.6, 1.74 போட்டால் 4.2. இந்த அரை மில்லிமீட்டருக்காக அவ்வளவு செலவு வேண்டாம் என்பது என் கருத்து.

இண்டெக்ஸ் ஏற ஏற வேறு தொல்லைகளும் வரும். சாதாரண லென்ஸின் ஒரு பரப்பு ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், 1.74 ஏழு சதவீதத்துக்கு மேல். எதிரொளிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லாவிட்டால் ஓரத்தில் வளையம் வளையமாகத் தெரிந்து, பழைய சோடாபுட்டி தோற்றமே திரும்பிவிடும். ஓரத்தின் வழியாகப் பார்க்கும்போது விளக்கைச் சுற்றி வண்ணக் கோடு தெரிவதும் 1.67, 1.74, பாலிகார்பனேட் லென்ஸ்களில் அதிகம், 1.6-இல் குறைவு.

சரி, கண் சின்னதாகத் தெரிவது? மாணவியின் கண்ணாடி மூக்கில் சரிந்து, கண்ணிலிருந்து 16 மி.மீ. தள்ளி நின்றது. அந்த நிலையில் மைனஸ் 8-க்குக் கண் சுமார் 11 சதவீதம் சிறுத்துத் தெரியும். 11 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் 8 சதவீதம். கன்னத்தின் கோடு லென்ஸுக்குள் உள்வாங்கித் தெரிவதும் அதோடு குறையும். சரிந்து நிற்பதற்கு இன்னொரு அடையாளம் உண்டு. கண்ணாடியை விரலால் மேலே தள்ளினால் எழுத்து தெளிந்தால், பவர் பற்றவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். லென்ஸ் 4 மி.மீ. சரிந்தாலே மைனஸ் 8-இல் 0.25 பவர் போய்விடும்.

பிளஸ் பவர்காரர்களுக்குக் கதை தலைகீழ். நடுப்பகுதி தடித்து, கண் பிதுங்கினாற்போல் தெரியும். இங்கே இண்டெக்ஸ் கொஞ்சம் கைகொடுக்கும். நடுத்தடிமன் குறைந்து முன்பக்கமும் தட்டையானால் உருப்பெருக்கம் குறையும். அதனால் வளைவு ஓரத்தை நோக்கித் தட்டையாகும் ஆஸ்பெரிக் லென்ஸ் கேளுங்கள். ஆனால் கடையில் ரெடியாக இருக்கும் வட்ட லென்ஸை வெட்டிப் போட்டால், பிரேம் எவ்வளவு சின்னதானாலும் நடுத்தடிமன் அப்படியே இருக்கும். பிரேமை முதலில் முடிவு செய்து, அதன் அளவுக்கு லேபில் தேய்த்து வாங்க வேண்டும்.

மாணவிக்கு 46 அளவில் சற்றுத் தடித்த விளிம்புள்ள வட்டமான அசிடேட் பிரேம், 1.67 லென்ஸ், நல்ல பூச்சு. மூக்கில் உட்காரும் இடத்தைச் சரிசெய்து 11 மி.மீ.இல் நிறுத்தினோம். கண் இன்னும் கொஞ்சம் சின்னதாகத்தான் தெரிகிறது என்று அவரிடமே சொன்னேன். அக்கா கல்யாணத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். கான்டாக்ட் லென்ஸ் கண்மேலேயே உட்காருவதால் இந்தச் சிறுத்தல் கிட்டத்தட்ட இல்லை, பவரும் 8-க்குப் பதில் ஏழேகால் போதும் என்றேன். அளவெடுக்க அடுத்த வாரம் வருகிறார்.