கன்னக் கொழுப்பை எடுத்த பின் வரும் ஆண்டுகள்

சென்ற ஆண்டு என்னிடம் ஆலோசனைக்கு வந்த 39 வயதுப் பெண்மணி, தம்மைக் காண்பவர்கள் எல்லாரும் "உடம்பு சரியில்லையா?" என்று கேட்பதாகச் சொன்னார். அவருக்கு எந்த நோயும் இல்லை. 26 வயதில், திருமணத்துக்கு முன், முகம் மெலிந்து தெரிய வேண்டும் என்று வேறொரு மருத்துவரிடம் இரு கன்னங்களிலும் கொழுப்பை எடுத்துக்கொண்டிருந்தார். அன்றைய திருமணப் படங்களில் முகம் மிக அழகாகவே இருந்தது. அதன்பின் ஏழெட்டு ஆண்டுகளும் அவருக்கு நிறைவுதான். 35 வயதுக்குப் பிறகே கன்ன எலும்புக்குக் கீழே குழி விழத் தொடங்கியது.

அந்தச் சிகிச்சையில் எடுக்கப்படுவது தோலுக்கு அடியில் பரவியிருக்கும் சாதாரணக் கொழுப்பு அன்று. மெல்லும் தசைக்கும் கன்னத்தின் உட்தசைக்கும் நடுவில், மெல்லிய உறைக்குள் ஒரு கொழுப்புத் திண்டு இருக்கிறது. பக்கத்துக்கு ஏறக்குறைய 10 மில்லிலிட்டர் அளவுள்ள அதன் கிளைகள் நெற்றிப்பொட்டு வரை நீள்கின்றன. வாய்க்குள், மேல் கடைவாய்ப் பற்களின் அருகே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீறி, தசைநார்களை விலக்கி, வெளியே மெத்தென்று பிதுங்கி வரும் பகுதியை மட்டும் எடுத்துவிட்டுக் கரையும் நூலால் தைக்கிறோம். அருகிலேயே உமிழ்நீர் நாளமும் முக நரம்பின் கிளைகளும் ஓடுவதால், வராத கொழுப்பை இழுத்தெடுப்பது ஆபத்தானது. இதைப் பெரும்பாலும் அந்தப் பகுதியை மட்டும் மரக்கச் செய்து, ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். இவ்வளவு எளிதாக முடிகிறது என்பதாலேயே பலர் இதை யோசிக்காமல் செய்துகொள்கிறார்கள் என்பது என் கவலை.

இந்தத் திண்டு உடல் எடை குறைந்தாலும் கூடினாலும் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அதைச் சுற்றியிருப்பவை அப்படியல்ல. முப்பதுகளில் தொடங்கி, கன்னத்தின் மற்றக் கொழுப்பு அறைகள் வற்றுகின்றன, மேல்தாடை எலும்பு மெல்லப் பின்வாங்குகிறது, தோலின் இழுவிசை தளர்கிறது. அப்போது உள்ளிருந்து கன்னத்தைத் தாங்குவனவற்றுள் முக்கியமானது இந்தத் திண்டுதான். அதை இளமையிலேயே எடுத்துவிட்டால், இயற்கையாக வரும் வற்றலும் அறுவைச் சிகிச்சையால் வந்த வற்றலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடும். தாங்க ஆளில்லாத தோல் கீழிறங்கித் தாடையோரம் தொங்கும்போது, எந்தக் கீழ்முகம் மெலிய வேண்டும் என்று இதைச் செய்துகொண்டார்களோ, அதுவே கனத்துத் தெரிகிறது. என்னிடம் வந்தவர் இரண்டாவது மகப்பேற்றுக்குப் பின் 11 கிலோ குறைத்திருந்தார். அது இந்தக் குழியை மேலும் ஆழமாக்கியது.

அவருடைய பழைய படங்களை உற்றுப் பார்த்தபோது இன்னொன்றும் புரிந்தது. அவருக்குக் கன்னம் புஷ்டியாக இருந்ததே இல்லை. தாடை முனை அகன்றிருந்தது. பற்களைக் கடிக்கச் சொல்லித் தொட்டுப் பார்த்தேன்; தாடை முனையில் மெல்லும் தசை கட்டியாகப் புடைத்தது. அந்த அகலத்தைக் கன்னக் கொழுப்பை எடுப்பதால் குறைக்க முடியாது. அந்தத் தசையைச் சில மாதங்களுக்குத் தளர்த்தும் ஊசியே போதுமானதாக இருந்திருக்கும், அதன் பலன் நிரந்தரமன்று என்பதால் பிடிக்காவிட்டால் நிறுத்தியும் விடலாம்.

எடுத்த திண்டைத் திரும்ப வைக்க வழியில்லை. வயிற்றிலிருந்து கொழுப்பை எடுத்து, இரு கன்னங்களிலும் மெல்லிய குழாயால் சிறிது சிறிதாகச் செலுத்தினேன். செலுத்திய கொழுப்பில் ஒரு பகுதி முதல் சில மாதங்களில் கரைந்துவிடும். எவ்வளவு நிலைக்கும் என்று முன்கூட்டி உறுதி கூற முடியாது. அவருக்கு இடப்புறம் கூடுதலாகக் கரைந்ததால் எட்டு மாதம் கழித்து மீண்டும் செய்ய நேர்ந்தது. நோயாளியைப் போன்ற தோற்றம் இப்போது இல்லை. ஆனால் பழைய கன்னத்தின் வளைவு முழுமையாக வரவில்லை, அதை அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

இப்போது இதைக் கேட்டு வரும் இளம்பெண்களிடம், அவர்களுடைய அம்மாவும் பாட்டியும் 45, 50 வயதில் எடுத்த படங்களைக் கொண்டுவரச் சொல்கிறேன். அந்த முகங்களில் கன்னம் ஒட்டியிருந்தால், மகளுக்கும் அவ்வாறே ஆகும் வாய்ப்பு அதிகம் என்று விளக்கி, சிகிச்சையை மறுத்துவிடுகிறேன். இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களை, குழந்தைப் பருவத்தின் உப்பல் தானாக இறங்குகிறதா என்று சில ஆண்டுகள் காத்திருந்து பார்க்கச் சொல்கிறேன். உடல் ஒல்லியாக இருந்தும், தாய்வழி தந்தைவழி இரண்டிலும் நடுவயதுக்குப் பின்னும் கன்னம் உருண்டிருக்கும் குடும்பத்தில் பிறந்து, எடை சீராக இருப்பவர்களுக்கு மட்டுமே இதைச் செய்கிறேன். அவர்களுக்கும் திண்டின் பெரும்பகுதியை உள்ளேயே விட்டுவிட்டு, பக்கத்துக்கு இரண்டு மூன்று மில்லிலிட்டருக்கு மேல் எடுப்பதில்லை.