இரண்டு வரைபடம், ஒரே சமன்பாடு: எது சரி?

பொறியியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "லோரன்ஸ் சமன்பாட்டை பைத்தானில் எழுதினேன். தோழியும் எழுதினாள். நான் `x*(28 - z) - y` என்று போட்டேன், அவள் பெருக்கி விரித்து `28*x - x*z - y` என்று போட்டாள். இரண்டும் ஒன்றுதானே? சுமார் 35 அலகு நேரம் வரை கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கின்றன. அப்புறம் அவளுடையது ஒரு பக்கம் போகிறது, என்னுடையது இன்னொரு பக்கம். யார் செய்தது தப்பு?"

யாரும் தப்புச் செய்யவில்லை. ஆனால் அந்த 35 எங்கிருந்து வந்தது என்பது கேட்க வேண்டிய கேள்விதான்.

அடியில் சூடாக்கப்பட்ட திரவப் படலம் ஒன்று. சூடானது மேலேறும், குளிர்ந்தது இறங்கும், திரவம் உருளை உருளையாகச் சுழலும். பள்ளியில் படித்த வெப்பச்சலனம். பாரி சால்ட்ஸ்மன் இதை ஏழு மாறிகளில் அடக்கி 1962-ல் வெளியிட்டார். சில தீர்வுகளில் நான்கு மாறிகள் தானாகவே பூஜ்யத்தில் போய் அடங்கின. மூன்று மட்டும் அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தன. எம்.ஐ.டி.யில் இருந்த எட்வர்ட் லோரன்ஸ் அந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 1963-ல் தன் கட்டுரையை எழுதினார். எல்.ஜி.பி.-30 என்ற கணிப்பொறியில் கணக்குகளை ஓட்டியவர் எல்லன் ஃபெட்டர். கட்டுரையின் கடைசியில் ஒரு நன்றி வரியில் அவர் பெயர் இருக்கிறது. இன்றைய வழக்கப்படி பார்த்தால் அவர் இணையாசிரியராகவே இருந்திருப்பார் என்பது என் எண்ணம்.

x என்பது சுழற்சியின் வேகம்; குறி மாறினால் திசை மாறியது என்று பொருள். y, ஏறும் நீரோட்டத்துக்கும் இறங்கும் நீரோட்டத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு. எனக்குப் பிடித்தது z. கீழே சூடு, மேலே குளிர்ச்சி என்ற ஒழுங்கான ஏற்றத்தாழ்வைச் சுழற்சி எவ்வளவு கலைத்திருக்கிறது என்பதன் அளவு அது.

திரவத்தைச் சுழல வைப்பதே அந்த ஏற்றத்தாழ்வுதான். வேகமாகச் சுழன்றால் கலங்கிப்போய் z ஏறும். தன்னை ஓட்டும் விசையைச் சுழற்சி தானே தின்றுவிடும். சமன்பாட்டில் அடிச்சூட்டின் வலிமைக்கு லோரன்ஸ் எடுத்த 28 என்ற மதிப்புக்கு எல்லைக்கோடு z = 27. அதற்கு மேலே, பூஜ்யத்துக்கு அருகில் உள்ள சிறிய x தேயும், கீழே வளரும். சில சமயம் சுழற்சி மிஞ்சிப்போய், z வெகுவாக ஏறி, திரவம் கிட்டத்தட்ட நின்றேவிடும். அப்போது x-உம் y-உம் பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கும். ஓட்டம் இல்லாததால் அடிச்சூடு மெதுவாக மறுபடி ஒழுங்கை உண்டாக்கும்; z இறங்கும். 27-க்குக் கீழே போனதும் திரவம் மறுபடி கிளம்பியாக வேண்டும். எந்தத் திசையில்? மிச்சமிருக்கும் துளியளவு x, y எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றனவோ அந்தத் திசையில். மூன்றும் பூஜ்யமான புள்ளிக்கு அருகே அந்தத் துளி e^(11.83t) என்ற வேகத்தில் பெருகும், 0.1 அலகு நேரத்திலேயே மூன்று மடங்குக்கு மேல். ஒட்டிப் போய்க்கொண்டிருந்த இரண்டு பாதைகளில் ஒன்றின் துளி வலப்பக்கமும் மற்றதன் துளி இடப்பக்கமும் இருந்துவிட்டால், அத்தோடு அவற்றின் உறவு முடிந்தது.

இந்தப் பாதையை வரைந்தால் வண்ணத்துப்பூச்சியின் இரண்டு சிறகுகள் போலத் தெரியும், சுழற்சியின் ஒவ்வொரு திசைக்கும் ஒரு சிறகு. பலர் நினைப்பதுபோல ஒரு சிறகின் நடுவே சுற்றும்போது பிழை அப்படியொன்றும் வெடிப்பதில்லை. ஒரு சிறகின் மையம் (8.49, 8.49, 27). அதை ஒட்டி ஒரு சுற்றுக்கு 0.62 அலகு ஆகும். சுற்றுக்குச் சுமார் 6 சதவீதம்தான் விரியும். ஆனால் மொத்தப் பயணத்தையும் சராசரி எடுத்தால் பிழை 0.77 அலகுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. மீதி வேலை பெரும்பாலும் அந்த நின்று கிளம்பும் இடத்தில் நடக்கிறது.

(பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டினால் வாழ்க்கையே மாறும், இது பட்டாம்பூச்சி விளைவு என்று எண்கணிதக்காரர் ஒருவர் பேசக் கேட்டேன். மாறலாம். எந்தப் பக்கம் மாறும் என்று சொல்ல முடியாது என்பதுதான் லோரன்ஸ் சொன்னது. கட்டணம் வாங்குவது மற்ற பாதிக்காக.)

இனி கணக்கு. 1e-8 வித்தியாசத்தில் இரண்டு பாதைகளைக் கிளப்புவோம்:

```python
import numpy as np

def f(u):
    x, y, z = u
    return np.array([10*(y - x), x*(28 - z) - y, x*y - 8*z/3])

def step(u, h):
    k1 = f(u)
    k2 = f(u + h*k1/2)
    k3 = f(u + h*k2/2)
    k4 = f(u + h*k3)
    return u + h*(k1 + 2*k2 + 2*k3 + k4)/6

a = np.array([1.0, 1.0, 1.0])
b = a + np.array([1e-8, 0, 0])
h = 0.005
for n in range(8001):
    if n % 400 == 0:
        print(n*h, np.linalg.norm(a - b))
    a, b = step(a, h), step(b, h)
```

அச்சாகும் இடைவெளி சீராக ஏறாது. சில இடங்களில் சுருங்கும், சில இடங்களில் தாவும். சராசரியில் e^(0.906t), அதாவது 2.5 அலகுக்குப் பத்து மடங்கு. 1e-8 என்பது 10 ஆக வேண்டுமானால் ஒன்பது பத்து மடங்குகள், ஆக சுமார் 23 அலகு. உங்கள் ஓட்டத்தில் சற்று முன்னே பின்னே இருக்கும். அதன் பிறகு இடைவெளி வளராது, ஏனென்றால் சிறகுகளின் அகலம் அவ்வளவுதான்.

இப்போது தோழியின் வரிக்கு வருவோம். பைத்தானின் தசம எண்கள் சுமார் 16 இலக்கம் வரைதான் வைத்திருக்கும். பெருக்கி விரித்தால் கடைசி இலக்கம் வேறு மாதிரி வெட்டுப்படும். கிட்டத்தட்ட 1e-15 அளவு வேற்றுமை முதல் சில அடிகளிலேயே நுழைந்துவிடுகிறது. அது 10 ஆக வேண்டுமானால் பதினாறு பத்து மடங்குகள்: 40 அலகு. வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும் 0.1 அளவுக்கு 35. வாசகி பார்த்தது அதைத்தான்.

அப்படியானால் 35 வரை இரண்டும் சரியா? அதுவும் இல்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இருவரும் ஒரே `h`, அதாவது ஒரே அடி அளவு, வைத்திருந்தால் அதனால் வரும் பிழை இருவருக்கும் ஒன்றே. கைகோத்துக்கொண்டே இருவரும் உண்மையான பாதையை விட்டு விலகியிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க `h = 0.005` வைத்து ஒருமுறை, `h = 0.0025` வைத்து ஒருமுறை ஓட்டி, இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். அந்த இடத்துக்கு முன்புவரைதான் முதல் ஓட்டத்தை நம்பலாம். `step`-ல் உள்ள கணக்கு முறையில் அடியைப் பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒன்றாகும். கணக்கு நேரம் இரட்டிக்கும். இத்தனைக்கும் கிடைப்பது மூன்றே மூன்று அலகு கூடுதல். அப்படியே குறைத்துக்கொண்டு போனாலும் 40-ஐ ஒட்டி 16 இலக்கச் சுவரில் முட்டி நிற்க வேண்டியதுதான்.

t = 100 வரை நிஜமான பாதை வேண்டுமா? பிழை பெருகுவதை ஈடுகட்ட மட்டும் 40 இலக்கம் தேவை. 60 இலக்கம் வைத்துக்கொண்டால் பத்திரம். `mpmath` நூலகத்தில் `mp.dps = 60` என்று போடலாம். ஆனால் மேலே உள்ள `step`-ஐ அப்படியே வைத்துக்கொண்டு இலக்கத்தை மட்டும் கூட்டினால் பலன் இல்லை. அடி அளவின் பிழை அங்கேயே இருக்கும், 60 இலக்கத்தில் அழகாக அச்சாகும் தவறான விடைதான் மிஞ்சும். டெய்லர் தொடரை வைத்துத் தீர்க்கும் `mpmath.odefun` இதற்குப் பொருந்தும். மெதுவாகத்தான் ஓடும். முதலில் 50 இலக்கம், பிறகு 60 இலக்கம் வைத்து ஓட்டி, t = 100-ல் இரண்டும் ஒரே எண்ணைத் தருகின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.