வியாழக்கிழமைப் பட்டியலும் சீரியலின் ஆயுளும்

வியாழக்கிழமை வந்தால் சீரியல் ரசிகர்களின் கைபேசிகளில் டிஆர்பி பட்டியல் சுற்றத் தொடங்கிவிடும். எது முதலிடம், எது சரிந்தது, எதை முடிக்கப் போகிறார்கள் என்று அன்று முழுவதும் அதே பேச்சுதான். சேனலின் நிகழ்ச்சித் திட்டமிடல் பிரிவில் இந்த எண்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியலை மட்டும் வைத்து ஒரு தொடரின் ஆயுளைக் கணிப்பது கடினம். பதினைந்தாம் இடத்தில் இருக்கும் தொடர் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். ஆறாம் இடத்தில் இருப்பதற்குக் கடைசி நாள் படப்பிடிப்பு குறித்தாகியிருக்கும். தொடர்களை ஒன்றோடொன்று வரிசைப்படுத்திப் பார்ப்பது ரசிகர்களின் வழக்கம். சேனலோ ஒவ்வொரு தொடரையும் அது உட்கார்ந்திருக்கும் ஸ்லாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது.

முதலில் அந்த எண்ணைப் புரிந்துகொள்வோம். 2015 முதல் பார்க் இந்தியா என்ற அமைப்பு இந்தக் கணக்கை எடுத்து வருகிறது. சேனல்கள் தங்கள் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைச் சேர்த்து ஒளிபரப்புகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளில் உள்ள மீட்டர் அதைப் பிடித்து, எந்த நிமிடம் எந்தச் சேனல் ஓடியது என்று குறித்துக்கொள்கிறது. பார்ப்பவர் யார் என்பதை வீட்டில் உள்ளவர்கள் ரிமோட்டில் தங்களுக்குரிய பொத்தானை அழுத்தித் தெரிவிக்க வேண்டும். நாடு முழுவதும் இப்படி 50,000க்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. அவற்றில் தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரே சந்தையாகக் கணக்கிடப்படுகின்றன. சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும் வாரத்தின் எண்கள் அடுத்த வியாழக்கிழமை வெளியாகின்றன.

வரும் எண் ஒரு நிமிடச் சராசரி. அதாவது, அரை மணி நேரத் தொடரை 10 சதவீதம் பேர் முழுதாகப் பார்த்தாலும் 10 புள்ளி வரும். 20 சதவீதம் பேர் வந்து ஆளுக்குப் பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனாலும் அதே 10 புள்ளிதான் வரும். பட்டியலில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் தொடருக்கு ஆள் சேர்க்க வேண்டும், அதற்கு புரோமோ போதும். இரண்டாவது தொடரில் கதை பழுது. ஒரே எண்ணுக்கு இரண்டு வேறு வைத்தியம் என்பதால்தான், சந்தா கட்டி வாங்கும் நிமிட வாரித் தரவைப் பார்க்காமல் எந்த முடிவும் எடுப்பதில்லை.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு தொடரைப் பெயர் சொல்லாமல், எண்களையும் மாற்றித் தருகிறேன். இரவு 8 மணித் தொடர் அது. வாரச் சராசரி 3.9. அதற்கு முன்னால் 7.30க்கு வரும் தொடர் 6.0, பின்னால் 8.30க்கு வருவது 5.0. அதே சேனலில் இரவு 10 மணித் தொடர் வெறும் 2.2தான். வெளியிலிருந்து பார்ப்பவர் 10 மணித் தொடர்தான் ஆபத்தில் இருக்கிறது என்பார். உள்ளே கதை வேறு. 10 மணித் தொடருக்கு முன்னால் 9.30க்கு வரும் நிகழ்ச்சியே 2.5தான், அது கையில் தந்த கூட்டத்தில் பெரும்பகுதியை 10 மணித் தொடர் தக்கவைத்துக்கொண்டிருந்தது. 8 மணித் தொடரோ 6.0 என்ற கூட்டத்தை வாங்கி, அதில் மூன்றில் ஒரு பங்கைத் தொலைத்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, அதே இடத்தில் முன்பு ஓடிய தொடர் 5.5க்குக் குறையாமல் இருந்தது. ஸ்லாட் தரக்கூடியது 5.5, தொடர் தருவது 3.9 என்பதுதான் அலுவலகத்தில் பேசப்பட்ட கணக்கு.

நிமிடத் தரவைப் பிரித்தபோது நிலைமை இன்னும் தெளிவானது. வாரத்தில் சராசரியாக 10 சதவீதம் பேர் 8 மணித் தொடரை எட்டிப் பார்த்தார்கள், 7.30 தொடருக்கு வந்தவர்கள் 9 சதவீதம்தான். ஆக, ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 7.30 தொடரை ஒருவர் சராசரியாக 20 நிமிடம் பார்க்கிறார், 8 மணித் தொடரை 12 நிமிடத்துக்கும் குறைவாகவே பார்க்கிறார். முதல் ஆறு நிமிடங்கள் 5.3 என்று நின்ற எண், முதல் விளம்பர இடைவேளைக்குப் பிறகு 3.5ஐ ஒட்டி விழுந்து கடைசிவரை மீளவில்லை. நாயகியும் கணவனும் பிரிந்திருக்கும் டிராக் மாதக்கணக்கில் நீண்டிருந்தது. இன்றாவது சேர்ந்தார்களா என்று பார்க்க வந்தவர்கள், இல்லை என்று தெரிந்ததும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போனவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் போட்டிச் சேனலின் 8 மணித் தொடருக்குப் போயிருந்தார்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தால்கூடச் சேனல் இவ்வளவு பதறியிருக்காது. எதிராளியின் எண்ணை நாமே ஏற்றிவிடுகிறோம் என்பதும், போனவர்கள் 8.30க்குத் திரும்பி வருவது உறுதியில்லை என்பதும்தான் பதற்றத்துக்குக் காரணம்.

இதில் பணம் எங்கே வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் விளம்பரமும் சேனலின் சொந்த புரோமோவும் சேர்ந்து 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. விற்கும் விநாடிகளைக் கூட்ட முடியாது என்றால் விநாடியின் விலையைத்தான் கூட்ட வேண்டும். விளம்பர நிறுவனங்கள் அந்த விலையை ஒரு புள்ளிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டே பேசுகின்றன. சொன்ன புள்ளி வராவிட்டால் கூடுதல் விநாடிகளை இலவசமாகத் தந்து ஈடுகட்ட வேண்டியிருக்கும். தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி ஸ்லாட்டை எடுத்து, விளம்பர நேரத்தைத் தானே விற்றுக்கொள்ளும் முறையில் இந்த இடி நேராக அவர் தலையில் விழும். அங்கே சேனல் சொல்லும் முன்பே தயாரிப்பாளர் முடித்துக்கொள்ள விரும்புவதும் உண்டு. எபிசோடுக்கு இவ்வளவு என்று சேனலே பணம் தரும் முறையில் நட்டம் சேனலுக்கு. ஆகவே முடிவும் அங்கிருந்தே வரும்.

மறுபடி அந்தத் தொடருக்கு வருவோம். எடுத்த எடுப்பில் யாரும் முடிக்கச் சொல்லவில்லை. கதையைத் திருப்பச் சொன்னார்கள். இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு கால இடைவெளி வருகிறது. சனிக்கிழமை ஒளிபரப்பான எபிசோடின் எண் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் கைக்கு வருகிறது. அன்றே கதையை மாற்ற முடிவெடுத்தாலும், ஏற்கெனவே எடுத்து வைத்த எபிசோடுகள் ஓடித் தீர வேண்டும். அதற்கு ஒரு வாரம், சில குழுக்களில் இரண்டு வாரம் ஆகும். புதிய டிராக் ஒரு வாரம் ஓடி முடிந்து, அதற்கடுத்த வியாழக்கிழமைதான் பலன் தெரியும். ஒரு நோயைக் கண்டு, மருந்து கொடுத்து, குணமாகிறதா என்று அறிய ஒரு மாதம் ஓடிவிடுகிறது. தொடரின் தலைவிதியை முடிவு செய்ய சேனல் பார்க்கும் சராசரியும் பெரும்பாலும் நான்கு வாரச் சராசரிதான். மருந்து வேலை செய்யத் தொடங்கும் வாரத்திலேயே பழைய எண்களை வைத்துத் தீர்ப்பு எழுதப்பட்ட தொடர்கள் உண்டு. இது இந்த முறையின் பெரிய குறை என்றே நான் கருதுகிறேன்.

இந்த இடைவெளியைத் தாண்ட எல்லோரும் கையாளும் குறுக்குவழி மகாசங்கமம். எங்கள் 8 மணித் தொடரையும் 7.30 தொடரோடு சேர்த்து ஒரு வாரம் ஒரு மணி நேரமாக ஓட்டினார்கள். அந்த வாரம் 5.2 வந்தது, தயாரிப்புக் குழு கேக் வெட்டியது. ஆனால் இணைந்த ஒரு மணி நேரத்தின் எண்ணில் பலமான தொடரின் பங்கும் கலந்திருக்கிறது என்பதால், திட்டமிடல் பிரிவில் அந்த வாரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கடுத்த மூன்று வாரங்களைத்தான் பார்த்தோம்: 4.6, 4.1, 3.9. வந்த விருந்தாளிகள் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வாரத்துக்கு வாரம் 0.2, 0.3 என்று ஏறி இறங்குவதையெல்லாம் ஏற்றம், சரிவு என்று கொண்டாடவோ வருந்தவோ வேண்டியதில்லை. ஒரு பேச்சுக்கு, கணக்கில் வரும் பார்வையாளர்கள் 8,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 புள்ளி என்பது அவர்களில் 160 பேர். அதில் 20 பேர் திருமணத்துக்கு வெளியூர் போனால் எண் 1.75 ஆகிவிடும், கதைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஐபிஎல் போட்டி, புதுப்படத்தின் முதல் ஒளிபரப்பு, மழைக்கால மின்வெட்டு ஆகியவையும் இப்படித்தான். சின்ன எண்ணில் ஓடும் தொடருக்கு இந்த ஆட்டம் விகிதத்தில் இன்னும் பெரிதாகத் தெரியும். எங்கள் தொடரின் சரிவு அப்படிப்பட்டதல்ல; மூன்று வாரமும் ஒரே திசையில், ஒவ்வொரு நாளும் அதே இடைவேளைக்குப் பிறகு விழுந்தது. சத்தம் எது, சரிவு எது என்று பிரிக்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி அதுதான்.

கடைசியில் தொடர் 10 மணிக்கு மாற்றப்பட்டது. ஏற்கெனவே அங்கே இருந்த தொடர் கதை முடிந்து விடைபெறும் கட்டத்தில் இருந்தது. 8 மணிக்குப் புதுத் தொடர் வந்தது. 10 மணிக்கு எங்கள் தொடர் 2.3 எடுத்தது. பட்டியலில் பல இடங்கள் இறங்கியது; சமூக ஊடகங்களில் தொடரைக் கொன்றுவிட்டார்கள் என்றார்கள். உண்மையில் அந்த ஸ்லாட்டுக்கு அது நல்ல எண். தொடருக்குச் சில மாத ஆயுள் கூடியது. ஆனால் 10 மணி விளம்பரத்தின் விலை குறைவு, படப்பிடிப்புச் செலவோ பழைய செலவு. ஆகவே வெளிப்புறக் காட்சிகள் நின்றன, மூத்த நடிகர்களின் கால்ஷீட் மாதத்துக்குச் சில நாட்களாகச் சுருங்கியது, பெரும்பாலான காட்சிகள் ஒரே கூடத்திலும் சமையலறையிலும் எடுக்கப்பட்டன.

எல்லா நேர மாற்றமும் டிஆர்பியால் வருவதில்லை. ஆண்டுதோறும் விஜய் டிவியில் பிக் பாஸ் தொடங்கும்போது இரவுத் தொடர்கள் இடம் மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரிய நிகழ்ச்சிக்கு வழிவிடும் ஏற்பாடு. பலமான தொடரை வேண்டுமென்றே பலவீனமான நேரத்துக்கு நகர்த்தி அந்த நேரத்தைத் தூக்கி நிறுத்துவதும் உண்டு. அதே போல், ஜியோஹாட்ஸ்டாரிலும் சன் நெக்ஸ்டிலும் ஜீ5இலும் ஒரு தொடரை எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் அது இந்த வாராந்தர எண்ணில் சேராது. இளைஞர்கள் கொண்டாடும் ஜோடியின் தொடர் திடீரென முடியும்போது எழும் கோபத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

தொடரை நம்பிப் பிழைக்கும் நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் பட்டியலைவிட வேறு சிலவற்றைக் கவனிப்பது நல்லது. தொடருக்குத் தனி புரோமோ வருவது குறைந்து, எல்லாத் தொடர்களின் தொகுப்பு புரோமோவில் மட்டும் தலைகாட்டுகிறதா? புதுத் தொடர் ஒன்று 'விரைவில்' என்று மட்டும் நேரம் சொல்லாமல் விளம்பரமாகிறதா? அப்படியென்றால் சேனல் ஏதோ ஒரு ஸ்லாட்டைக் காலி செய்யப் பார்க்கிறது. அதிகம் இழந்துகொண்டிருக்கும் ஸ்லாட் எது என்று பாருங்கள். அடுத்த மாதக் கால்ஷீட்டை யாரும் உறுதி செய்யவில்லை, கதையில் புதுப் பாத்திரம் எதுவும் நுழையவில்லை, நெடுநாள் ரகசியங்கள் வரிசையாக உடைகின்றன என்றால் கிளைமாக்ஸ் எழுதப்படுகிறது என்று பொருள். எங்கள் தொடரில் வில்லி ஒரே வாரத்தில் மனம் திருந்தினாள்; ஒப்பனைக் கலைஞர் அந்தக் காட்சியின் ஸ்கிரிப்ட்டைப் படித்த அன்றே வேறு தொடருக்குப் பேசி வைத்துவிட்டார். முறையான அறிவிப்பு அதற்குப் பத்து நாள் கழித்து வந்தது.