அந்த ஐம்பதாயிரம் எந்த பில்லுக்கு?

திருநெல்வேலிப் பக்கத்துச் சிறு வியாபாரத்தில் பில் தொகையை அப்படியே அனுப்புகிற வாடிக்கையாளர் குறைவு. "அண்ணாச்சி, ஐம்பது போட்டிருக்கிறேன், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்" என்று போன் வரும். வங்கிக் கணக்கில் ரூ.50,000 விழுந்திருக்கும். எந்த பில்லுக்கு என்று அவரும் சொல்வதில்லை, இவரும் கேட்பதில்லை. இரண்டு கடையிலும் கணக்கு எழுதுகிறவர்கள் தத்தமக்குத் தோன்றிய பில்லில் கழித்துக்கொள்கிறார்கள். சில மாதம் கழித்துப் பாக்கிக் கணக்கை மின்னஞ்சலில் அனுப்பும்போதுதான் இரண்டு லெட்ஜரும் வெவ்வேறு கதை சொல்வது தெரிகிறது.

பாளையங்கோட்டையில் வரி, கணக்கு வேலை பார்க்கிற நான் இந்தச் சிக்கலை அடிக்கடி பார்க்கிறேன். ஒரு கணக்கை மட்டும் விரித்துச் சொல்கிறேன். ஆட்கள் யாரென்று தெரியாதபடி பில் எண்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன்.

அச்சிட்ட பிளாஸ்டிக் உறைகள் தயாரிக்கும் ஒருவர், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் ஒரு நிறுவனத்துக்கு முப்பது நாள் கடனில் சரக்குக் கொடுக்கிறார். அப்பளம் காய வெயில் வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உற்பத்தி சுருங்கும், பணமும் இறுகும். ஆகவே செப்டம்பர் முடிந்ததும் உறைக்காரர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: "30.9 தேதியில் தங்கள் பாக்கி ரூ.46,850. உடனே செலுத்தவும்." பட்டியல் இல்லை, பில் எண் இல்லை. பதிலும் வரவில்லை. போன் செய்தபோது அங்கே கணக்குப் பார்ப்பவர் சொன்னார்: "எங்கள் கணக்கில் அவ்வளவு இல்லை சார். 158ஆம் பில்லை முழுதாகக் கொடுத்துவிட்டோமே."

அவர் சொன்னது சரிதான். அந்த 46,850இல் இரண்டு கோளாறுகள் இருந்தன. ஜூலையில் போன உறைகளில் ஒரு கட்டு தவறாக அச்சாகித் திரும்பி வந்தது. அதற்கு ரூ.2,500, வரி ரூ.450, ஆக ரூ.2,950க்கு கிரெடிட் நோட் போட்டு டிரைவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அது கணினியில் ஏறவே இல்லை. இரண்டாவது, செப்டம்பர் 16ஆம் தேதி பில் ரூ.17,700. அதற்குக் கெடு அக்டோபர் 16. இன்னும் கெடு வராத பணத்தையும் சேர்த்து "உடனே செலுத்தவும்" என்றால், வாங்கியவர் எரிச்சலில் மின்னஞ்சலையே மூடிவிடுவார். மொத்தப் பாக்கி வேறு, இப்போது கேட்க வேண்டிய தொகை வேறு. இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கக் கூடாது.

இவை எளிதில் திருத்தக்கூடியவை. திணறல் வந்த பணத்தில்தான். ஜூலை 18 அன்று ரூ.30,000 வந்தது. அனுப்பும்போதே "பில் 112" என்று குறித்திருந்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று ரூ.50,000 வந்தது, குறிப்பு எதுவும் இல்லை. செப்டம்பர் 10 அன்று ரூ.56,050 வந்தது. அதிலும் குறிப்பு இல்லை.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 59, 60, 61ஆம் பிரிவுகள் இதற்கென்றே எழுதப்பட்டவை. கடன்பட்டவர் இன்ன கடனுக்கு என்று சொல்லிக் கொடுத்தால், பெற்றுக்கொள்பவர் அதற்குத்தான் வரவு வைக்க வேண்டும். வாயால் சொல்லாவிட்டாலும் சூழ்நிலை அதைக் காட்டினால் போதும். 59ஆம் பிரிவே ஓர் உதாரணம் தருகிறது: பல கடன்களில் ஒன்றான 567 ரூபாயைக் கேட்டு ஒருவர் கடிதம் எழுதுகிறார், மற்றவர் சரியாக 567 ரூபாய் அனுப்புகிறார் என்றால் அது அந்தக் கடனுக்கானதே. குறிப்பும் இல்லை, சூழ்நிலையும் காட்டவில்லை என்றால், எதில் கழிப்பது என்பது கொடுக்க வேண்டியவர் கையை விட்டுப் பெறுகிறவர் கைக்கு வந்துவிடுகிறது. இருவருமே எதுவும் செய்யாமல் விட்டால், காலத்தால் முந்திய கடன் முதலில் கழியும்.

இப்போது அந்த மூன்று வரவுகளையும் பாருங்கள். முப்பதாயிரத்தில் சந்தேகமில்லை, 112க்குப் போகிறது. ஐம்பதாயிரத்தை உறைக்காரர் தம் விருப்பப்படி கழிக்கலாம். அவர் பழைய பில்லிலிருந்து தொடங்கினார். 112இல் நின்ற 17,200 தீர்ந்தது, மீதி 32,800 பில் 131க்குப் போனது. பில் 131 ரூ.35,400 ஆகையால் அதில் 2,600 நின்றது. மூன்றாவது வரவு 56,050. 158ஆம் பில் 59,000, அதில் கிரெடிட் நோட் 2,950 கழித்தால் சரியாக 56,050. வேறு எந்த பில்லோடும் இந்தத் தொகை பொருந்தவில்லை. இது 158க்குத்தான் என்று எண்ணே சொல்கிறது. ஆனால் உறைக்காரரின் கடைப் பையன் இதையும் பழைய பில்லிலிருந்து கழித்து, 131ஐ முடித்து, மீதியை 158இல் வைத்துவிட்டான். கிரெடிட் நோட்டும் ஏறாததால் 158இல் 5,550 பாக்கி நிற்பதாகக் கணினி காட்டியது. முழுதாகக் கொடுத்ததாக நினைப்பவரிடம் அந்த பில்லைக் காட்டிக் கேட்டால் சண்டைதான் வரும்.

டாலியில் ரசீது போடும்போது, குறிப்பிட்ட பில்லில் சேர்க்க Agst Ref, பில் சொல்லாமல் வைக்க On Account என்று தேர்வுகள் வரும். அவசரத்தில் On Account என்று போட்டுவிட்டால் பணம் எந்த பில்லிலும் ஒட்டாமல் தனியே நிற்கும். பில் பட்டியலில் எல்லா பில்லும் முழுத் தொகையோடு பாக்கியாகவே தெரியும். அந்தப் பட்டியலை அப்படியே அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. மின்னஞ்சல் எழுதுமுன் On Account வரவு ஏதாவது தனியே நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நின்றால் அதை ஒரு பில்லில் சேர்த்துவிட்டு, அப்படிச் சேர்த்ததை மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் திருத்திய பிறகு போன மின்னஞ்சல் இது:

பொருள்: 30.9 வரை பாக்கிக் கணக்கு. இப்போது செலுத்த வேண்டியது ரூ.26,200

மதிப்பிற்குரிய ஐயா,

செப்டம்பர் 30 வரை எங்கள் லெட்ஜரில் உள்ள விவரம் கீழே. சென்ற வாரம் அனுப்பிய கணக்குக்குப் பதிலாக இதைக் கொள்ளவும்.

பில் 112 (5.6), ரூ.47,200. வரவு: 18.7 அன்று 30,000, 12.8 அன்று வந்த 50,000இல் 17,200. தீர்ந்தது.

பில் 131 (28.6, கெடு 28.7), ரூ.35,400. வரவு: 12.8 அன்று வந்த 50,000இல் 32,800. பாக்கி ரூ.2,600.

பில் 158 (22.7), ரூ.59,000. கிரெடிட் நோட் 2,950. வரவு: 10.9 அன்று 56,050. தீர்ந்தது.

பில் 174 (19.8, கெடு 18.9), ரூ.23,600. வரவு இல்லை. பாக்கி ரூ.23,600.

பில் 189 (16.9, கெடு 16.10), ரூ.17,700. கெடு வரவில்லை.

இப்போது செலுத்த வேண்டியது ரூ.26,200. கெடு வராதது ரூ.17,700. மொத்தப் பாக்கி ரூ.43,900.

12.8 அன்று வந்த 50,000க்குத் தாங்கள் பில் எண் குறிப்பிடாததால் பழைய பில்லிலிருந்து கழித்திருக்கிறோம். தங்கள் கணக்கில் வேறு விதமாக இருந்தால் தங்கள் லெட்ஜர் நகலை அனுப்ப வேண்டுகிறோம். பணம் அனுப்பும்போது பில் எண்ணைக் குறிப்பிட்டால் உதவியாக இருக்கும்.

பாக்கி இல்லாத 112, 158 எதற்குப் பட்டியலில் என்று உறைக்காரர் கேட்டார். வந்த பணம் முழுவதும் எங்கே போனது என்பதை வாங்கியவர் இங்கேதான் பார்க்க முடியும். அவற்றை எடுத்துவிட்டால் 50,000இல் வெறும் 32,800தான் கண்ணில் படும். மீதி எங்கே என்று அடுத்த போன் வரும். சென்ற கணக்குக்குப் பிறகு தீர்ந்த பில்களை இந்த ஒரு முறை காட்டிவிட்டு, அடுத்த கணக்கில் விட்டுவிடலாம்.

"ஏழு நாளில் பதில் இல்லையென்றால் கணக்கு சரியென்று கொள்ளப்படும்" என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்த வரியை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். கெடு குறித்துக் கடனுக்கு விற்ற சரக்குக்கு வழக்குப் போட, கெடு முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டுதான். அந்தக் காலம் புதிதாகத் தொடங்க, காலவரையறைச் சட்டம், 1963இன் 18ஆம் பிரிவுப்படி, பழைய காலம் முடிவதற்குள் கடன்பட்டவர் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். நீங்கள் எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாலும் அது அவருடைய ஒப்புதல் ஆகாது. அவர் மௌனமும் ஆகாது. மின்னஞ்சலில் வந்த ஒப்புதலை ஏற்ற தீர்ப்புகள் இருக்கின்றன. ஆனாலும் பெரிய தொகை என்றால், ஆண்டுக்கு ஒருமுறையாவது கையெழுத்தும் முத்திரையும் இட்ட பிரதியை வாங்கிவைப்பதே என் வழக்கம்.

இன்னொன்றும் உண்டு. பாக்கிக் கணக்கு மின்னஞ்சலில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்ற செய்தியை ஒருபோதும் சேர்க்காதீர்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்து பில் பணத்தைக் களவாடுகிறவர்கள் எழுதுகிற வாக்கியம் அதுதான். கணக்கு எண் உண்மையிலேயே மாறினால் தனியாக, போனில் பேசி உறுதிசெய்தே சொல்ல வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து மறுநாளே பதில் வந்தது. அவர்கள் லெட்ஜரிலும் மொத்தம் 43,900தான். ஆனால் ஐம்பதாயிரத்தில் முதலில் 131ஐ முழுதாகத் தீர்த்து மீதியை 112இல் கழித்திருந்தார்கள். அதனால் அந்த 2,600 அங்கே 112இல் நின்றது. எங்கே நின்றால் என்ன என்று தோன்றலாம். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், வாங்கியவர் அந்த அளவுக்கு எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்ப வேண்டும். பணம் கொடுத்த பிறகு வரவை மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றாலும் வட்டி போனதுதான். 112க்கு அந்த 180ஆம் நாள் டிசம்பர் 2, 131க்கு டிசம்பர் 25. மழைக்காலத்தில் இருபத்து மூன்று நாள் கூடுதலாகக் கிடைப்பதை அங்கே கணக்குப் பார்ப்பவர் உடனே புரிந்துகொண்டார். தம் லெட்ஜரை உறைக்காரருடையதுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டு, "மேற்கண்ட கணக்கு சரி, மொத்தப் பாக்கி ரூ.43,900" என்று பெயரும் பொறுப்பும் போட்டுப் பதில் எழுதினார். அடுத்த திங்களன்று 26,200 வந்தது. குறிப்பில் "131 மீதி, 174" என்று இருந்தது.