தேறிய இற்றைப் பெறுமதியும் மீட்புக் காலமும்

ஹட்டனில் தேயிலைத்தூள் பக்கெட் போடும் சின்னத் தொழிற்சாலை ஒன்றின் முதலாளி என்னிடம் கேட்டார்: "தம்பி, போட்ட காசு எத்தன வருசத்துல கைக்கு வரும்?" அந்தக் கேள்விக்குப் பெயர்தான் மீட்புக் காலம். மீளளிப்புக் காலம் என்றும் எழுதுகிறோம். ஆனால் மீளளிப்பு என்றதும் வங்கிக் கடன் தவணைதான் நினைவுக்கு வருகிறது. அடகு வைத்த நகையை மீட்பது போல, போட்ட முதலை மீட்பது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அவர் முன்னால் இரண்டு மெசின்கள் இருந்தன. பழையது 10 இலட்சம் ரூபா, 3 வருடம் ஓடும். புதியது 16 இலட்சம், 7 வருடம் ஓடும். இரண்டுமே வருடத்துக்கு 4 இலட்சம் மிச்சப்படுத்தும். மீட்புக் காலம் பழையதற்கு இரண்டரை வருடம், புதியதற்கு 4 வருடம். அதனால் பழையதையே வாங்க நினைத்தார்.

மற்றச் சொல்லான தேறிய இற்றைப் பெறுமதியை நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இற்றை என்றால் இன்றைய. தேறிய என்பது செலவெல்லாம் போக மிஞ்சியது, "கையில என்ன தேறிச்சு?" என்று கேட்கிறோமே, அதே தேறுதல். தமிழ்நாட்டில் நிகர மதிப்பு என்பார்கள், இங்கே தேறிய பெறுமதி.

அடுத்த வருடம் வரும் 4 இலட்சம் இன்றைக்கு 4 இலட்சம் ஆகாது. 12 வீதம் வட்டி கிடைக்குமானால், இன்று 3,57,143 ரூபாவைப் போட்டாலே அடுத்த வருடம் 4 இலட்சமாகிவிடும். ஆகவே அதன் இற்றைப் பெறுமதி 3,57,143 மட்டும்தான். இப்படிக் குறைக்கும் வீதத்தைக் கழிவு வீதம் என்கிறோம். தொழிற்சாலையில் கழிவு என்றால் கழிவுத் தேயிலை என்று எடுத்துக்கொள்வார்கள், அதனால் இதை விளக்கிச் சொல்வது நல்லது.

பழைய மெசினின் 3 வருட வரவை இப்படிக் குறைத்துக் கூட்டினால் 9,60,733 வருகிறது. விலை 10 இலட்சம், அப்படியென்றால் 39,267 ரூபா நட்டம். போட்ட முதல் இரண்டரை வருடத்தில் கைக்கு வந்தும் நட்டம்! மீட்புக் காலம் வட்டியையும் பார்ப்பதில்லை, முதல் மீண்ட பிறகு வருவதையும் பார்ப்பதில்லை. புதியதின் 7 வருட வரவை இதேபோல் குறைத்துக் கூட்டினால் 18,25,503. விலை போக 2,25,503 தேறுகிறது.

அப்புறம் அவரிடம் ஒன்று சொன்னேன். பழைய மெசின் நாலாவது வருடமும் ஓடினால் கணக்கே மாறிவிடும். அப்போது சுமார் 2,15,000 தேறும். வருடத்துக்குப் பிரித்துப் பார்த்தால் பழையதே முந்தும். ஆகவே 3 வருடம் என்ற ஆயுள் எங்கிருந்து வந்தது, உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்ட பிறகே முற்பணம் கொடுங்கள் என்றேன்.